ஒட்டுக்கு அடியில் போன ஒன்று

2015-ல் அருப்புக்கோட்டை முன்சீஃப் கோர்ட்டில் நான் நடத்திய ஒரு பணவழக்கை இன்றைக்கும் ஜூனியர்களுக்கு எடுத்துச் சொல்வதுண்டு. வாதி சிவகாசிப் பக்கம் லேபிள் அடிக்கும் ஓர் அச்சகம். பிரதிவாதி திருச்சுழி சாலையில் எள் ஆட்டி, நல்லெண்ணெயை ஒரு லிட்டர் பெட் பாட்டிலில் அடைத்து விற்கும் மில். மில் தரப்பில் நான். 30,000 லேபிள், ஒன்று 2 ரூபாய், முன்பணம் 20,000 போக மீதி 40,000 ரூபாயும் வட்டியும் வேண்டும் என்பது பிராது. சரக்கு வந்து இறங்கியது உண்மை, சலானில் கையெழுத்து உண்மை, அச்சுக்கு முன் காட்டிய புரூஃபில் முதலாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் உண்மை. மேலோட்டமாகப் பார்த்தால் எதிர்வாதமே இல்லாத வழக்கு.

மில் முதலாளி அண்ணாச்சி என் ஆபீசுக்கு வந்தபோது கையில் ஒரு பாட்டிலும், மடிக்காத புது லேபிள் ஒன்றும் இருந்தன. இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “லேபிளைப் பாருங்க சார், ஒண்ணுன்னு அடிச்சிருக்கு. பாட்டிலைப் பாருங்க, ஒண்ணைக் காணோம்.”

வாங்கிப் பார்த்தேன். பாட்டிலின் முன்பக்கம் நன்றாகவே இருந்தது. மில்லின் பெயர், எள்ளுச் செடிப் படம், மஞ்சள் தரை, எல்லாம் நேராக நடுவில். பின்னால் திருப்பினால், லேபிளின் ஒரு முனை மறு முனை மேல் ஏறி ஒட்டியிருக்கும் இடம் வருகிறது. அந்த ஒட்டுக்கு வலது பக்கம்தான் தகவல் கட்டம். மேல் வரியில் நிகர அளவு என்றும், கீழ் வரியில் 1 லிட்டர் என்றும் ஆங்கிலத்தில். மற்ற வரிகளில் முதல் எழுத்து பாதி மறைந்திருந்தாலும் ஊகித்து வாசித்துவிடலாம். எண்ணை அப்படி ஊகிக்க முடியாது. ‘1’ முழுதாக ஒட்டுக்கு அடியில் போய்விட்டது. மீதி நின்றது லிட்டர் என்ற எழுத்து மட்டும். வாடிக்கையாளர் புகாருக்கான தொலைபேசி எண்ணிலும் முதல் இலக்கம் போயிருந்தது.

திருச்சுழியில் ஒரு கடையில் இந்தப் பாட்டில்களைப் பார்த்த ஆய்வாளர் சிலவற்றை எடுத்துக்கொண்டு மில்லுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும் பொட்டலத்தில் என்னென்ன இருக்க வேண்டும், எந்த அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. ஒரு லிட்டர் பாட்டிலில் நிகர அளவின் எண் 4 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. லேபிளில் அது சரியாக 4 மி.மீ. இருந்தது. ஆனால் கடையில் இருக்கும் பாட்டிலில் அந்த எண்ணே தெரியவில்லை. 36-வது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். 48-வது பிரிவில் கட்டணம் கட்டிச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று வருடத்துக்குள் அதே தவறு வந்தால் அந்தச் சலுகை கிடையாது. அண்ணாச்சி கட்டி முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அச்சகத்துக்குத் தரவேண்டிய மீதியை நிறுத்தினார்.

இதில் இன்னொரு வினையும் நடக்க இருந்தது. நோட்டீஸ் வந்த அன்று மேனேஜர், ‘1 லிட்டர்’ என்று சின்ன ஸ்டிக்கர் அடித்து எல்லாப் பாட்டிலிலும் ஒட்டிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். நல்லவேளை ஒட்டவில்லை. விதி 6(3) அதைத் தடுக்கிறது. கட்டாயமாகச் சொல்லவேண்டிய விவரத்தைத் தனி ஸ்டிக்கர் ஒட்டிச் சொல்லவோ மாற்றவோ கூடாது. விலையைக் குறைத்துக் காட்டுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதிலும் பழைய விலையை மறைக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் ஒரு குற்றம் இரண்டாகியிருக்கும்.

சரி, ‘1’ எப்படி மறைந்தது? வழக்கே இதில்தான் இருந்தது.

உருளையைச் சுற்றி ஒட்டும் லேபிளின் நீளம் பாட்டிலின் சுற்றளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் ஓவர்லாப், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதி. முதலில் பாட்டிலில் பதியும் முனை அடியில் போகும். சுற்றி வந்து முடியும் முனை அதன் மேல் உட்காரும். ஆகவே முதல் முனையில் ஓவர்லாப் அளவுக்கு அச்சு இல்லாமல் வெறுமையாக விடுவார்கள். மில் முதன்முதலில் லேபிள் அடித்தபோது பாட்டிலின் விட்டம் 82 மி.மீ. சுற்றளவு 257.6. லேபிள் நீளம் 268. ஓவர்லாப் 10 மி.மீ.க்குச் சற்று மேல், வெற்று விளிம்பு 10. கணக்கு கச்சிதமாக இருந்தது. அந்த லேபிளில் ஒரு தொல்லையும் வரவில்லை.

இரண்டாவது ஆர்டருக்கு முன் மில் பாட்டிலை மாற்றியது. புது பாட்டிலின் விட்டம் 80 மி.மீ. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெட்டியில் அடுக்கினாலும் தெரியாது. ஆனால் விட்டத்தில் குறைந்த 2 மி.மீ., சுற்றளவில் மூன்று மடங்குக்கு மேலாகி 6 மி.மீ. குறைத்துவிடும். சுற்றளவு இப்போது 251.3. லேபிள் அதே 268. ஓவர்லாப் 10-லிருந்து 16.7 மி.மீ. ஆகிவிட்டது. தகவல் கட்டத்தின் எழுத்துகள் முனையிலிருந்து 13 மி.மீ.யில் ஆரம்பிக்கின்றன. ‘1’ என்பது ஒல்லியான எண். 13-ல் தொடங்கி 15-க்குள் முடிந்துவிடும். மேலே ஏறிய முனை 16.7 வரை மூடிவிட்டது.

மில்லில் யாருக்கும் இது தெரியாமல் போனதற்குக் காரணம், முன்பக்கம் கெடவே இல்லை. கூடுதலாக மறைந்த 6 மி.மீ.யால் லேபிளின் நடு 3 மி.மீ. மட்டும் நகர்ந்தது. பாட்டிலை எதிரே வைத்துப் பார்க்கிறவர் கண்ணில் அது படாது. ஒட்டுகிற பெண்களும், பெட்டி கட்டுகிறவர்களும், கடைக்காரரும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். பழைய 82 மி.மீ. பாட்டிலும் கொஞ்சம் இருப்பு இருந்ததால், ஆரம்பத்தில் சில பாட்டில்கள் சரியாகவே போயிருக்கின்றன. 12,000 லேபிள் செலவான பிறகுதான் நோட்டீஸ் வந்தது.

அச்சகத்தின் வக்கீல் அனுபவசாலி. அவர் இரண்டு வாதம் வைத்தார். ஒன்று, புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் பிரதிவாதி. அச்சடித்த லேபிள் புரூஃபோடு இம்மியும் மாறவில்லை. இரண்டு, மில்லில் கையால் ஒட்டுகிறார்கள். கோணலாக ஒட்டி எழுத்தை மறைத்துவிட்டு அச்சகத்தைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டாவது வாதத்துக்கு லேபிளே பதில் சொன்னது. கோணல் ஒட்டு எப்படியிருக்கும் என்பது தெரிந்தால் போதும். முதல் முனை ஒரு டிகிரி சாய்ந்து பதிந்தால், சுற்றி வந்து சேரும்போது லேபிளின் மேல் விளிம்பு 4 மி.மீ.க்கு மேல் ஏறியோ இறங்கியோ நிற்கும். ஒட்டில் ஒரு படி விழும். மேலே படி விழுந்தால் கீழேயும் அதே அளவு விழும். எங்கள் பாட்டில்களில் படியே இல்லை. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒட்டில் ஒரே கோட்டில் சேர்ந்தன. அப்படியிருந்தும் ‘1’ மறைந்திருந்தது என்றால், ஒட்டியவர் கையில் கோளாறு இல்லை, நீளத்தில் இருக்கிறது.

இதை வாயால் சொன்னால் போதாது என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 26, விதி 9-ன் கீழ் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்டு மனுப் போட்டேன். ஆணையர் மில் குடோனுக்கு வந்து அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. டேப்பை நம்பவில்லை அவர். ஒரு நீளமான வெள்ளைத் தாள் பட்டையைப் பாட்டிலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். தாள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் ஊசியால் ஒரு குத்து; இரண்டு அடுக்கிலும் துளை விழுந்தது. பட்டையை விரித்து, இரண்டு துளைக்கும் இடையை ஸ்டீல் ஸ்கேலில் அளந்தார். லேபிள் பகுதியின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில். பெட் பாட்டில் இடுப்பில் லேசாக ஒடுங்கியிருக்கும்; அதனால்தான் பொட்டலப் பொருட்கள் விதிகளும் சராசரிச் சுற்றளவு என்று பேசுகின்றன. மூன்று அளவும் 251-ஐ ஒட்டியே வந்தன. பழைய பாட்டிலில் 257-க்கு மேல். அந்தத் தாள் பட்டைகளையே அறிக்கையோடு இணைத்துத் தாக்கல் செய்தார். குடோனில் மீதியிருந்த 18,000 லேபிளையும் கணக்கெடுத்தார்.

முதல் வாதம்தான் கஷ்டமானது. கையெழுத்துப் போட்ட புரூஃப். அதற்கு நான் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16, 17-ஆம் பிரிவுகளைப் பிடித்துக்கொண்டேன். மாதிரி காட்டி விற்றால், சரக்கு மாதிரியோடு ஒத்திருப்பது மட்டும் போதாது; மாதிரியை நியாயமான அளவுக்குச் சோதித்தாலும் வெளியே தெரியாத குறை சரக்கில் இருக்கக் கூடாது என்கிறது 17-ஆம் பிரிவு. எந்தக் காரியத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் தொழில்திறமையை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு அது உதவ வேண்டும் என்கிறது 16.

புரூஃப் என்பது மேஜையில் தட்டையாக விரித்த தாள். அதில் 10 மி.மீ. வெற்று விளிம்பைப் புள்ளிக்கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். ‘1’ கோட்டுக்கு வெளியே பத்திரமாக நின்றது. எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அந்தத் தாளில் 16.7 தெரியாது. பாட்டிலில் சுற்றினால்தான் தெரியும். இதைச் சொன்னபோது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “சுற்றிப் பார்க்க வேண்டியது உங்கள் கட்சிக்காரர்தானே?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை எங்கள் ஆர்டர் நகலில் இருந்தது: ‘புது மாதிரி பாட்டில் 2 இத்துடன்’ என்று கையால் எழுதிய ஒரு வரி. அச்சகத்தின் பொறுப்பாளர் குறுக்கு விசாரணையில் பாட்டில் வந்ததை ஒப்புக்கொண்டார். அச்சகத்தின் ஜாப் கார்டைத் தாக்கல் செய்யும்படி கோர்ட் மூலம் கேட்டு வாங்கினோம். அதில் கட்டிங் டை எண், முதல் ஆர்டருக்கு இருந்த அதே எண். புது பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய டையிலேயே வெட்டியிருக்கிறார்கள். புது டை செய்யும் செலவு மிச்சம். புதுப் பாட்டிலை அளந்தீர்களா என்று கேட்டதற்கு, புரூஃப் ஓகே ஆகிவிட்டதே என்பது பதில்.

இந்தப் பதிலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சிவகாசியின் அச்சுத் தொழில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்து வளர்ந்த தொழில். தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளுக்குத் தட்டையான புரூஃபே முழு உண்மை. மேஜையில் எப்படியோ பெட்டியிலும் அப்படியே. வளைந்த பரப்புக்கு வரும்போது அந்தப் பழக்கம் ஏமாற்றிவிடுகிறது.

எங்கள் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருந்தது; எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்துவிட்டது. லேபிளின் டிசைன் அச்சகம் செய்ததில்லை, மில் தனியாக ஒரு டிசைனரை வைத்துச் செய்தது. பொட்டலப் பொருட்கள் விதிகளில் விதி 8 என்ன சொல்கிறது? நிகர அளவைச் சுற்றி இடம் வெறுமையாக இருக்க வேண்டும். மேலும் கீழும் எண்ணின் உயரம் அளவுக்கு, இடமும் வலமும் அதன் இரு மடங்கு. 4 மி.மீ. எண்ணுக்கு இடப்புறம் 8 மி.மீ. வேற்று எழுத்து வரக் கூடாது. எங்கள் டிசைனர் விட்டதோ வெற்று விளிம்புக்கு அப்பால் 3 மி.மீ. தான். மேலே வந்து ஏறும் முனையிலோ, மூலப்பொருள் பட்டியல் கிட்டத்தட்ட விளிம்பு வரை வந்து நின்றது. பழைய பாட்டிலில்கூட ‘1’-க்கு இடப்புறம் விதி கேட்ட வெற்றிடம் இல்லை. விதிப்படி 8 விட்டிருந்தால் ‘1’ முனையிலிருந்து 18 மி.மீ. தள்ளி நின்றிருக்கும். ஓவர்லாப் 16.7-ஆகக் கூடியிருந்தாலும் அதைத் தொட்டிருக்காது. அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் கோர்ட்டில் கேட்க இனிமையாக இல்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

எதிர்த்தரப்பு இன்னொன்றும் கேட்டது: நிகர அளவை ஏன் பின்னால் கொண்டுபோனீர்கள், முன்பக்கத்தில் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? விதியின் சொற்கள் முன்பக்கம் என்று கட்டாயப்படுத்துவதில்லை. பிரதானக் காட்சிப் பகுதி என்பது கட்டாய விவரங்கள் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும் பரப்பு. அவை தெளிவாகவும் எடுப்பாகவும் இருக்க வேண்டும், அவ்வளவே. உருளைப் பாட்டிலுக்கு அந்தப் பரப்பு உயரத்தையும் சராசரிச் சுற்றளவையும் பெருக்கிவரும் தொகையில் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கழுத்தும் தோளும் கணக்கில் சேராது. எங்கள் பாட்டிலில் நேரான பகுதி 140 மி.மீ. உயரம். பகுதி முழு உயரத்துக்கும் இருந்தால் அகலம் 50 மி.மீ. ஆகும்.

அந்த 50 மி.மீ.யை நான் கண்ணால் யோசித்துப் பார்த்தேன். சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 72 டிகிரி. நடுவிலிருந்து இரு பக்கமும் 36. நேரே நின்று பார்க்கிறவருக்கு, 36 டிகிரியில் இருக்கும் எழுத்து வளைவில் ஒடுங்கி, அதன் அகலத்தில் ஐந்தில் நாலு பங்காகத் தெரியும். வாசிக்கத் தடையில்லை. 60 டிகிரிக்குப் போனால் பாதியாகிவிடும். அதற்கு அப்பால் எழுத்து கோடாகிவிடும். பாட்டிலின் பாதிச் சுற்று நம்மை நோக்கி இருந்தாலும், திருப்பாமல் வாசிக்கக் கிடைப்பது மொத்தச் சுற்றில் நடுவில் இருக்கும் மூன்றில் ஒரு பங்குதான். விதி செய்தவர்கள் இதை நினைத்து 20 சதவீதம் வைத்தார்களோ என்னவோ, அந்த அளவு கண்ணுக்குப் பொருந்துகிறது. முன்பக்கத்தைப் படத்துக்கும் பெயருக்கும் மட்டும் ஒதுக்கி, அளவைப் பின்னால் தள்ளுவது சட்டப்படி தவறில்லை என்றாலும், ஒட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது எங்கள் தரப்பின் தப்பான தேர்வு.

தீர்ப்பு இரு தரப்பையும் முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. மில் 12,000 லேபிளை உபயோகித்துவிட்டதால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி இனி ஒப்பந்தத்தையே தள்ள முடியாது. ஆனால் குறையை விலையில் கழித்துக்கொள்ள 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. விலையைக் குறைக்கலாம், முழுதாக அழிக்கவும் செய்யலாம். குடோனில் இருந்த 18,000 லேபிள் புது பாட்டிலுக்கு உதவாது, பழைய பாட்டில் இனி வராது. அவற்றுக்கு விலை இல்லை. உபயோகித்த 12,000-க்கு 24,000 ரூபாய்; முன்பணம் 20,000 போக 4,000 ரூபாய் மட்டும் தரவேண்டும். 40,000 கேட்ட அச்சகத்துக்கு 4,000-க்குத் தீர்ப்பாணை.

நாங்கள் வைத்த எதிர்க்கோரிக்கை, அதாவது எடையளவுத் துறைக்குக் கட்டிய தொகையை அச்சகம் தரவேண்டும் என்பது, தள்ளுபடி ஆனது. பொட்டலத்தைக் கடைக்கு அனுப்புகிறவர்மேல் சட்டம் வைத்த பொறுப்பை அவர் அச்சடித்தவர் தலையில் இறக்க முடியாது. அனுப்புமுன் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். டிசைனும் விதி கேட்ட வெற்றிடத்தை விடவில்லை என்பது காரணம். அப்பீல் போகலாமா என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் காரணம் சரி என்றுதான் எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது.

அடுத்த லேபிளை அதே அச்சகத்தில்தான் அடித்தார்கள். நீளம் 261, ஓவர்லாப் மீண்டும் 10-ஐ ஒட்டி. நிகர அளவு முன்பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு வந்தது, சுற்றிலும் விதி கேட்ட வெற்றிடத்தோடு. ஒட்டு முன்பக்கத்துக்கு நேர் எதிரில்; அதன் இரு பக்கமும் 8 மி.மீ.க்குள் எழுத்தே கிடையாது. ஆர்டர் படிவத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். லேபிள் ஒட்டும் இடத்தில் பாட்டிலின் சுற்றளவு இவ்வளவு, ஓவர்லாப் இவ்வளவு என்று எண்ணால் வரும். பாட்டில் மாறினால் மில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அச்சகம் புதிதாக அளந்து எழுத்தில் பதில் தர வேண்டும். தட்டை புரூஃபில் போடும் கையெழுத்து நிறத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் மட்டும் சம்மதம். நீளத்துக்கும் இடத்துக்கும் சம்மதம், லேபிளை வெட்டி, எண்ணெய் நிரப்பிய இரண்டு பாட்டிலில் ஒட்டிப் பார்த்த பிறகுதான். அந்த இரண்டு பாட்டிலிலும் இரு தரப்பும் ஒட்டின்மேல் குறுக்கே கையெழுத்துப் போடவேண்டும். பாதி மேல் முனையில், பாதி கீழே தெரியும் பகுதியில். ஒரு பாட்டில் மில்லில், ஒன்று அச்சகத்தில். அதற்குப் பிறகு என்னிடம் வந்த வேறு மில்காரர்களுக்கும் ஊறுகாய் போடுகிறவர்களுக்கும் இதே படிவத்தைத்தான் கொடுத்துவருகிறேன்.